குழந்தை முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும்: மகப்பேறு விடுப்பின் வாரங்களை எண்ணும் முறை

இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் முதன்முறையாக மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பிக்கும்போது, எட்டு வாரம் முன்னால், பதினெட்டு வாரம் பின்னால் என்ற கணக்கைத்தான் பெரும்பாலும் கேள்விப்படுகிறார். ஆனால் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளிலேயே குழந்தை பிறப்பது அபூர்வம். குழந்தை இரண்டு வாரம் முந்தினால் அந்த நாட்கள் போய்விடுமா, பத்து நாள் பிந்தினால் அந்தப் பத்து நாளுக்குச் சம்பளம் உண்டா, வேலைக்குத் திரும்பும் நாள் மாறுமா என்ற கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன. அவற்றுக்கான விடைகளை, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த மகப்பேறு நலச் சட்டம், 1961இன் விதிகளிலிருந்து, ஒரே ஒரு உதாரணத் தேதியை வைத்துக்கொண்டு இங்கே படிப்படியாகக் கணக்கிடலாம்.

முதல் படி: எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள்

தனியார் நிறுவனங்களுக்கான 26 வாரங்கள் 2017ஆம் ஆண்டின் திருத்தத்தில் வந்தவை. அதற்கு முன் 12 வாரங்கள்தான் இருந்தன. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பணத்தைத் தருவது நிறுவனமாக இல்லாமல் ஈ.எஸ்.ஐ. கழகமாக இருக்குமே தவிர, 26 வாரம், அதில் முன்னால் 8 வாரத்துக்கு மிகாமல் என்ற அளவு அங்கேயும் அதேதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இதே அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டுள்ளது. கீழே வரும் பிரிவு எண்கள் பழைய 1961 சட்டத்தின் எண்கள்; தொகுப்பில் எண்கள் வேறு. மத்திய அரசு ஊழியர்களுக்கு 180 நாட்கள், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 12 மாதங்கள் என்று தனி விதிகள் உள்ளன; கீழே வரும் நாட்கணக்கை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏற்கெனவே உயிருடன் இரண்டு குழந்தைகள் இருக்கும் பெண்ணுக்கு இந்தச் சட்டத்தில் 26 வாரங்கள் கிடையாது. அவருக்கு 12 வாரங்கள், அதில் பிரசவத்துக்கு முன் 6 வாரத்துக்கு மிகாமல். தாமதமாகப் பிறக்கும் குழந்தை உண்மையிலேயே சிக்கலை உண்டாக்குவது அவருக்குத்தான் என்பதால் அதைத் தனியாகப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: எதிர்பார்க்கும் பிரசவ தேதியை எழுத்தில் பெறுங்கள்

கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 280 நாட்களைக் கூட்டினால் கிடைப்பதே எதிர்பார்க்கும் பிரசவ தேதி. 2025 செப்டம்பர் 8 கடைசி மாதவிடாயின் முதல் நாள் என்றால், 2026 ஜூன் 15 அந்தத் தேதி. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைப் பார்த்து மருத்துவர் இதைத் திருத்தக்கூடும். திருத்தினால் திருத்திய தேதியே நிற்கும். ஏழாம் எட்டாம் மாத ஸ்கேன் அறிக்கைகளிலும் ஒரு தேதி அச்சாகி வரும். அது குழந்தையின் அப்போதைய வளர்ச்சியை வைத்து இயந்திரம் போடும் கணக்கு. முதலில் உறுதி செய்த தேதியை அது மாற்றிவிடாது. அலுவலகத்தில் ஒரு தேதியும் மருத்துவமனைக் கோப்பில் வேறொரு தேதியும் இருந்தால் பின்னால் ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், மருத்துவரின் கையெழுத்தோடு ஒரே சான்றிதழைப் பெற்று, அதன் நகலை மட்டும் அலுவலகத்தில் கொடுங்கள்.

சிசேரியன் என்று முன்கூட்டியே முடிவாகி, வீட்டில் நல்ல நாள் பார்த்து ஜூன் 4 என்று குறித்துவிட்டாலும், எட்டு வார வரம்பை அளப்பதற்குரிய தேதி ஜூன் 15ஆகவே இருக்கும். அறுவை நடக்கும் நாள் உண்மையான பிரசவ நாளாகக் கணக்கில் வரும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: விடுப்பைத் தொடங்கக்கூடிய முதல் நாளைக் கண்டுபிடியுங்கள்

ஜூன் 15இலிருந்து 56 நாள் பின்னே போனால் ஏப்ரல் 20. அதாவது ஏப்ரல் 20 முதல் ஜூன் 14 வரை சரியாக 56 நாட்கள். இதுவே மகப்பேறு விடுப்பைத் தொடங்கக்கூடிய மிக முந்தைய நாள். அன்றுதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஐந்து வாரம் முன்னால் தொடங்கலாம், ஒரு வாரம் முன்னால் தொடங்கலாம், உடல் இடம் கொடுத்தால் பிரசவ நாள் வரை வேலைக்கும் வரலாம். எட்டு வாரம் என்பது உச்ச வரம்பு மட்டுமே. எட்டு வாரத்தை முன்னால் எடுத்தால்தான் மீதிப் பதினெட்டு வாரம் கிடைக்கும் என்று சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஏப்ரல் 20க்கு முன்பே ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அந்த நாட்களை மகப்பேறு விடுப்பில் சேர்க்க முடியாது. கர்ப்பத்தால் வரும் நோய்க்கென்று சட்டத்தின் 10ஆம் பிரிவு ஒரு மாதம் வரை சம்பளத்துடன் கூடிய தனி விடுப்பு தருகிறது. மருத்துவச் சான்றிதழோடு அதைக் கேளுங்கள். ஆனால் குறைப்பிரசவத்துக்குப் பிறகும் இதே ஒரு மாதம் தேவைப்படக்கூடும். கையில் சம்பாத்திய விடுப்பு இருந்தால் அதை முதலில் செலவழிப்பதே நல்லது என்பது என் கருத்து.

நான்காம் படி: 182 நாட்களை எண்ணுங்கள்

இருபத்தாறு வாரம் என்றால் 182 நாட்கள். ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகை விடுமுறைகளும் இதற்குள் அடக்கம். ஆனைமலைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தின் தொழிலாளிக்கு, சம்பளமில்லா நாள் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டுப் பணம் கொடுத்ததிலிருந்து எழுந்த வழக்கு, கோவை தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த ஏழு நாள், அந்த ஏழு நாளுக்கும் பணம் தர வேண்டும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இரண்டு பக்கமும் ஒரே அளவுகோல்தான்: ஞாயிறு உங்கள் விடுப்பில் கழியும், ஞாயிறுக்கும் பணம் வரும்.

எண்ணும்போது விடுப்பின் முதல் நாளை ஒன்று என்று தொடங்க வேண்டும். எனவே கடைசி நாளைக் கண்டுபிடிக்க 181ஐத்தான் கூட்ட வேண்டும். 182ஐக் கூட்டினால் வருவது வேலைக்குத் திரும்பும் நாள். விரிதாளில் தொடக்கத் தேதி A2 கட்டத்தில் இருந்தால் இப்படி எழுதலாம்:

```
கடைசி நாள்:      =A2+181
திரும்பும் நாள்:  =A2+182
```

ஏப்ரல் 20இல் தொடங்கினால் கடைசி நாள் அக்டோபர் 18, ஞாயிறு. திரும்பும் நாள் அக்டோபர் 19, திங்கள். விடுப்பு திங்கட்கிழமையில் தொடங்கினால் திரும்பும் நாளும் திங்கட்கிழமையாகவே வர வேண்டும். கிழமை மாறியிருந்தால் எங்கோ ஒரு நாள் கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். ஆறு மாதம் என்று எண்ணுவதும் சரியாகாது. ஏப்ரல் 20இலிருந்து ஆறு மாதம் அக்டோபர் 19இல்தான் முடியும், அது 183 நாட்கள்.

குழந்தை முந்தி வந்தால்

இங்கே இரண்டு நிலைமைகள் உள்ளன. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான தகராறுகளின் வேர்.

முதல் நிலைமையில், நீங்கள் ஏற்கெனவே விடுப்பில் இருக்கிறீர்கள். மே 11இல், அதாவது எதிர்பார்த்த தேதிக்கு ஐந்து வாரம் முன்னால் விடுப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று கொள்வோம். 182ஆவது நாள் நவம்பர் 8. குழந்தை மே 26இல் பிறந்துவிட்டது. பிரசவத்துக்கு முன் சென்றவை மே 11 முதல் 25 வரை 15 நாட்கள். பிரசவ நாளையும் சேர்த்துப் பின்னால் இருப்பவை 167 நாட்கள். முன்னால் எடுக்க நினைத்து எடுக்காமல் போன 20 நாட்கள் தாமாகவே பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டன. திரும்பும் நாள் அதே நவம்பர் 9தான். விடுப்பு ஒருமுறை தொடங்கிவிட்டால் அதன் முடிவு நாளைப் பிரசவ தேதி அசைப்பதில்லை. முன்னும் பின்னுமாக நாட்கள் பிரியும் இடம் மட்டுமே நகர்கிறது.

இரண்டாம் நிலைமையில், விடுப்பு தொடங்கும் முன்பே குழந்தை பிறந்துவிடுகிறது. அதே பெண் மே 11இலிருந்து விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் 28 வரை வேலைக்கு வந்திருக்கிறார். ஏப்ரல் 29இல், முப்பத்து மூன்று வாரம் முடிந்து இரண்டு நாளான நிலையில், குழந்தை பிறக்கிறது. சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிரசவத்துக்கு உடனே முந்தைய காலம், பிரசவ நாள், அதை உடனே தொடர்ந்து வரும் காலம் ஆகிய மூன்றையும் சேர்த்தே உண்மையில் வேலைக்கு வராத காலம் என்கிறது. இங்கே முந்தைய காலம் பூஜ்யம். எனவே ஏப்ரல் 29 முதல் நாள். 182ஆவது நாள் அக்டோபர் 27. வேலைக்குத் திரும்புவது அக்டோபர் 28, புதன்கிழமை. விடுப்பின் நீளம் ஒரு நாளும் குறையவில்லை. திட்டமிட்ட நவம்பர் 9ஐ விடப் பன்னிரண்டு நாள் முன்னதாகத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் விடுப்பு பன்னிரண்டு நாள் முன்னதாகத் தொடங்கியது.

இந்த இரண்டாம் நிலைமையில் அலுவலகங்கள் செய்யும் தவறு குறிப்பிட்ட ஒரு வடிவத்தில் வரும். நீங்கள் விண்ணப்பத்தில் ஐந்து வாரம் முன்னால், இருபத்தொரு வாரம் பின்னால் என்று எழுதியிருப்பீர்கள். ஹெச்.ஆர். மென்பொருளில் அது இரண்டு தனிக் கணக்காகப் பதிவாகியிருக்கும். பிரசவ தேதியை மாற்றியதும், முன்னால் உள்ள ஐந்து வாரம் பயன்படுத்தப்படாமல் காலாவதியாகி, பின்னால் உள்ள 147 நாட்கள் மட்டும் ஏப்ரல் 29இலிருந்து ஓடி, செப்டம்பர் 22இல் முடிந்துவிடும். முப்பத்தைந்து நாட்கள் காணாமல் போகின்றன. உங்களுக்கு வரும் ஒப்புதல் கடிதத்தில் முதல் நாளும் கடைசி நாளும் என்ன என்று பார்த்து, இடையில் 182 நாட்கள் இருக்கின்றனவா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். வாரக் கணக்கை மட்டும் சொல்லும் கடிதத்தை ஏற்றுக்கொள்ளாமல் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

முன்னறிவிப்புக் கொடுக்காமலே குழந்தை பிறந்துவிட்டால் உரிமை போய்விடுமோ என்று அஞ்ச வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு இயன்ற விரைவில் அறிவிப்பைக் கொடுக்கலாம் என்று 6ஆம் பிரிவே சொல்கிறது. பிரசவம் நடந்ததற்கான சான்றைக் கொடுத்த 48 மணி நேரத்துக்குள் பிந்தைய காலத்துக்கான பணத்தைத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்பதால், குழந்தை பிறந்த தேதியைக் குறிப்பிட்டு மருத்துவமனை தரும் சான்றை முதலில் கொடுத்துவிடுங்கள்.

குறைப்பிரசவத்தில் 10ஆம் பிரிவின் ஒரு மாதம் முக்கியமாகிறது. குழந்தை முந்திப் பிறந்ததால் ஏற்படும் நோயை அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது, 26 வாரத்துக்கு மேல் கூடுதலாகவே அதைத் தருகிறது. ஆனால் அது நோயுற்ற பெண்ணுக்கான விடுப்பு. குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வைத்துக் கேட்டால் அலுவலகம் மறுக்க இடம் உண்டு. தாயின் உடல்நிலை என்ன, அது குறைப்பிரசவத்தோடு எப்படித் தொடர்புடையது, எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பதை மருத்துவர் எழுதித் தர வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்கிவிடுவது எளிது. நான்கு மாதம் கழித்துக் கேட்டால் மருத்துவரும் தயங்குவார்.

சேர்ந்து சில மாதங்களே ஆனவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது அதே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது தகுதி விதி. குழந்தை முந்தி வந்தாலும் அந்தப் பன்னிரண்டு மாதம் ஜூன் 15இலிருந்தே பின்னோக்கி அளக்கப்படும். ஆனால் ஏப்ரல் 28க்குப் பிறகு வேலை நாட்கள் சேரப்போவதில்லை. எண்பதை ஒட்டி நிற்பவர்கள், சட்டப்படி சம்பளத்துடன் கிடைத்த விடுமுறை நாட்களும் அதில் சேரும் என்பதை மறக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இதற்குப் பதிலாகச் சந்தா நாட்கணக்கு வேறாக உள்ளது.

குழந்தை பிந்தி வந்தால்

ஏப்ரல் 20இல் முழு எட்டு வாரத்தோடு தொடங்கிய பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஜூன் 15 கடந்துவிட்டது. குழந்தை ஜூன் 25இல் பிறக்கிறது. பிரசவத்துக்கு முன் சென்றவை 66 நாட்கள். அலுவலகம் இங்கே, முன்னால் 56 நாட்கள்தான் அனுமதி, மேற்கொண்டு 10 நாட்கள் சம்பளமில்லா விடுப்பு என்று சொல்லக்கூடும். அது தவறு. சட்டத்தில் எட்டு வார வரம்பு எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முன்னுள்ள காலத்துக்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 15 முதல் 24 வரையிலான பத்து நாட்கள் அந்தத் தேதிக்கு முன்னால் இல்லை. ஆகவே அவை வரம்பை மீறவும் இல்லை. அவை 26 வாரத்துக்குள் வரும் சாதாரண விடுப்பு நாட்களே.

மறுபக்கமும் உண்டு. பிரசவத்துக்குப் பின் பதினெட்டு வாரம் என் உரிமை, எனவே ஜூன் 25இலிருந்து 126 நாள் வேண்டும் என்று கேட்க இயலாது. அப்படிக் கேட்டால் மொத்தம் 192 நாட்களாகிவிடும். இவருடைய விடுப்பு அக்டோபர் 18இலேயே முடியும். குழந்தையோடு கிடைப்பது பிரசவ நாளையும் சேர்த்து 116 நாட்கள், அதாவது பதினாறு வாரமும் நான்கு நாளும். பத்து நாள் குறைவது உண்மை, அதை ஈடுகட்ட இந்தச் சட்டத்தில் வழி இல்லை. திட்டமிடும்போதே இதை மனத்தில் வைத்து, குறித்த நாள் தாண்டியும் காத்திருக்க நேரலாம் என்று எண்ணி, உடல்நிலையும் பயணத் தூரமும் அனுமதிக்கும் அளவுக்கு விடுப்பைச் சற்றுத் தள்ளித் தொடங்குவது நல்லது. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்ன பிறகு நாட்களை மிச்சம் பிடிப்பதற்காக வேலைக்குப் போவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பன்னிரண்டு வாரம் மட்டுமே உள்ள பெண்ணுக்கு இதே பத்து நாள் என்ன செய்கிறது என்று பாருங்கள். அவர் எதிர்பார்த்த தேதிக்கு ஆறு வாரம் முன்னால், மே 4இல் தொடங்குகிறார். 84ஆவது நாள் ஜூலை 26. குழந்தை ஜூன் 25இல் பிறக்கிறது. பிரசவ நாளைத் தொடர்ந்து வரும் ஆறு வாரங்களில் எந்த முதலாளியும் அவரை வேலைக்கு வைக்கக் கூடாது, அவரும் வேலை செய்யக் கூடாது என்பது 4ஆம் பிரிவின் தடை. இந்தத் தடை உண்மையான பிரசவ நாளிலிருந்து ஓடும். எனவே ஆகஸ்ட் 6 வரை அவர் வேலைக்கு வர முடியாது. ஆனால் சம்பளத்துடன் கூடிய விடுப்பு ஜூலை 26இலேயே தீர்ந்துவிட்டது. ஜூலை 27 முதல் ஆகஸ்ட் 6 வரை பதினொரு நாட்கள் வேலைக்கும் வர முடியாமல் மகப்பேறுப் பணமும் இல்லாமல் நிற்கின்றன. உடல்நலக் காரணம் இருந்தால் 10ஆம் பிரிவு விடுப்பும், இல்லையென்றால் சம்பாத்திய விடுப்புமே அந்த இடைவெளியை நிரப்பும். ஆகவே மூன்றாம் குழந்தைக்குக் காத்திருப்பவர்கள் ஆறு வாரத்தையும் முன்னால் எடுக்காமல் இரண்டு வாரத்தையாவது கையில் வைத்துக்கொள்வது அவசியம்.

கடைசிப் படி: தேதிகளை எழுத்தில் பதியுங்கள்

பிரசவம் முடிந்த சில நாட்களுக்குள், வீட்டில் வேறு யாராவது தட்டச்சு செய்து கொடுத்தாலும் சரி, அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போக வேண்டும். அதில் இந்தத் தேதிகள் இருந்தால் போதும்:

"எதிர்பார்த்த பிரசவ தேதி 15.06.2026. குழந்தை பிறந்த தேதி 29.04.2026. பிறப்பு முந்தியதால் என் மகப்பேறு விடுப்பு 11.05.2026க்குப் பதிலாக 29.04.2026 அன்று தொடங்கியதாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். 182 நாட்கள் 27.10.2026 அன்று முடிவடைவதால் 28.10.2026 அன்று பணிக்குத் திரும்புவேன். மருத்துவமனைச் சான்று இணைக்கப்பட்டுள்ளது."

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரத்தில் மீண்டும் அனுப்புங்கள். கணக்கைக் குறைத்தோ பணத்தைப் பிடித்தோ அலுவலகம் பதில் தந்தால், சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் நியமிக்கப்பட்ட ஆய்வாளரிடம் புகார் செய்யலாம்; பழைய சட்டத்தில் இது 17ஆம் பிரிவில் இருந்தது. விசாரித்துப் பணத்தைத் தரச்சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. மேலே உள்ள மின்னஞ்சலும், எதிர்பார்க்கும் தேதியைச் சொல்லும் பழைய சான்றிதழும், வருகைப் பதிவேட்டின் கடைசி நாளும்தான் அங்கே முதலில் கேட்கப்படும் ஆவணங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகு கிடைக்கும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் விடுப்பு முடிந்த நாளை வைத்து எண்ணப்படுவதில்லை. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை அவை உண்டு. ஏப்ரல் 29இல் பிறந்த குழந்தைக்கு 2027 ஜூலை இறுதி வரை, ஜூன் 25இல் பிறந்த குழந்தைக்கு 2027 செப்டம்பர் 25 வரை.